நூறு கிலோ மூட்டையும் ஒரு கோட்டுத்துண்டும்

நேரியல் திட்டமிடல் கணக்கை வரைபடத்தாளில் தீர்க்கும்போது பெரும்பாலும் ஒரு பரப்பு கிடைக்கும். "இதற்கு மேல் போகக்கூடாது", "இதற்குக் கீழே இறங்கக்கூடாது" என்று சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாடும் தாளை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தை ஏற்று மறுபக்கத்தைத் தள்ளிவிடும். எல்லாக் கட்டுப்பாடுகளும் ஏற்கும் இடம் பொதுவாக ஒரு பலகோணமாக அமையும். அதற்குப் பெயர் ஏற்புடைய பகுதி. கட்டுப்பாடுகளில் ஒன்று "சரியாக இவ்வளவு" என்று சொல்லிவிட்டால் நிலைமை மாறுகிறது. அப்போது ஏற்புடைய பகுதிக்கு அகலமே இருக்காது. அது ஒரு கோட்டுத்துண்டாகச் சுருங்கிவிடும்.

இத்தகைய சமன்பாட்டுக் கட்டுப்பாடு தவறாமல் வந்து நிற்கும் இடம் கலவைக் கணக்கு. கால்நடைத் தீவனத்தை மிகக் குறைந்த செலவில் கலப்பது நேரியல் திட்டமிடலின் ஆரம்பகாலப் பயன்பாடுகளில் ஒன்று. ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கினார். 1951இலேயே அமெரிக்க வேளாண் பொருளியலாளர் பிரடெரிக் வா, கறவை மாட்டுத் தீவனத்தின் செலவைக் குறைக்க நேரியல் திட்டமிடலைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் அரைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மூட்டையில் நூறு கிலோ என்றால் நூறு கிலோ இருக்க வேண்டும்.

இரண்டே பொருள்களை வைத்து ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் கலந்து சரியாக 100 கிலோ தீவனம் செய்ய வேண்டும். மக்காச்சோளத்தில் 9 சதவீதம் புரதமும் 2 சதவீதம் நார்ச்சத்தும், பிண்ணாக்கில் 45 சதவீதம் புரதமும் 12 சதவீதம் நார்ச்சத்தும் இருப்பதாகக் கொள்வோம். கலவையில் புரதம் 18 கிலோவுக்குக் குறையக்கூடாது. நார்ச்சத்து 6 கிலோவைத் தாண்டக்கூடாது. மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், பிண்ணாக்கு கிலோ 50 ரூபாய். இந்த எண்கள் கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தவை. உண்மையான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து, பாஸ்பரஸ், அமினோ அமிலங்கள் என்று இன்னும் பல கட்டுப்பாடுகள் சேரும்.

மக்காச்சோளத்தின் எடை x, பிண்ணாக்கின் எடை y. புரதக் கட்டுப்பாடு 0.09x + 0.45y ≥ 18; இரு பக்கத்தையும் 0.09ஆல் வகுத்தால் x + 5y ≥ 200. நார்ச்சத்துக் கட்டுப்பாடு 0.02x + 0.12y ≤ 6. சுருக்கினால் x + 6y ≤ 300. மொத்த எடை x + y = 100. இரண்டு எடைகளும் சுழிக்குக் குறையாது. குறைக்க வேண்டிய செலவு 25x + 50y.

முதலில் சமன்பாட்டை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் வரைவது நல்லது. புரதக் கோடு x அச்சை 200இலும் y அச்சை 40இலும் வெட்டும். நார்ச்சத்துக் கோடு 300இலும் 50இலும் வெட்டும். முதல் கோட்டுக்கு மேலேயும் இரண்டாவதற்குக் கீழேயும் இருக்கும் இடம், இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு பட்டை. இதுவரை எல்லாம் பழகிய வேலைதான்.

அடுத்து (100, 0), (0, 100) ஆகிய புள்ளிகளை இணைத்து x + y = 100 கோட்டை வரைய வேண்டும். மாணவர் தடுமாறும் இடம் இதுதான். எந்தக் கோட்டை வரைந்தாலும் ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்த்து ஒரு பக்கத்துக்கு நிழலிடுவது பழக்கமாகிவிட்டிருக்கும். இங்கே (0, 0)ஐப் போட்டால் 0 = 100 என்று வரும்; அது பொய். உடனே ஆதிப்புள்ளி இல்லாத மறுபக்கத்துக்கு நிழலிடத் தோன்றும். மறுபக்கத்தில் (100, 100)ஐப் போட்டால் 200 = 100 என்று வரும்; அதுவும் பொய். கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கோடு மட்டுமே உண்டு. சமன்பாட்டை x + y ≤ 100, x + y ≥ 100 என்ற இரண்டு சமனிலிகளாகப் பிரித்து எழுதினாலும் இதே முடிவுதான் வரும். இரண்டு அரைத்தளங்களுக்கும் பொதுவானது அவற்றின் எல்லைக்கோடு மட்டுமே. ஆகவே இந்தக் கோட்டுக்கு நிழல் கிடையாது. அதைத் தடிமனாக வரைந்துவிட்டால் போதும்.

அந்தத் தடித்த கோடு பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பட்டைக்குள் அகப்பட்ட துண்டுதான் ஏற்புடைய பகுதி முழுவதும். அதன் முனைகளைத் தாளில் அளந்து எடுப்பதைவிடச் சமன்பாடுகளைத் தீர்த்துக் கண்டுபிடிப்பதே நம்பகமானது. பென்சில் முனையின் தடிமனே ஒரு கிலோவை விழுங்கிவிடும். x + y = 100ஐ x + 5y = 200இலிருந்து கழித்தால் 4y = 100; y = 25, x = 75. அதையே x + 6y = 300இலிருந்து கழித்தால் 5y = 200; y = 40, x = 60. ஆக, (75, 25) முதல் (60, 40) வரையுள்ள துண்டில்தான் எல்லா விடைகளும் இருக்கின்றன. பட்டையின் மற்ற இடமெல்லாம் வரைபடத்தில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் கணக்கில் இல்லை.

இரண்டு மாறிகளோடு தொடங்கிய கணக்கு இங்கே ஒரு மாறிக் கணக்காகிவிட்டது. மக்காச்சோளம் எவ்வளவு என்று முடிவு செய்தால் மிச்சம் பிண்ணாக்கு. y = 100 − x என்று பதிலிட்டால் செலவு 5000 − 25x ஆகிறது; x 60 முதல் 75 வரை நகரலாம். x கூடக் கூடச் செலவு இறங்குவதால் x = 75 என்ற முனையே உகந்தது. 75 கிலோ மக்காச்சோளம், 25 கிலோ பிண்ணாக்கு, செலவு 3,125 ரூபாய். மறுமுனையான (60, 40)இல் செலவு 3,500 ரூபாய். இடையிலுள்ள புள்ளிகளின் செலவெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கும். துண்டின் மீது செலவு ஒரே சீராக ஏறவோ இறங்கவோ செய்வதால், சோதிக்க வேண்டியவை இரண்டு முனைகள் மட்டுமே.

சமசெலவுக் கோடுகளை நகர்த்தித் தீர்ப்பவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 25x + 50y = 3000 என்ற கோட்டை வரைந்தால் அது பட்டைக்குள் நன்றாகவே புகுந்து போகும்; (40, 40) அதன் மேல் இருக்கும் ஒரு புள்ளி. புரதம், நார்ச்சத்து இரண்டும் அங்கே சரியாக இருக்கின்றன. செலவும் 3,125ஐவிடக் குறைவு. ஆனால் அங்கே மொத்தத் தீவனம் 80 கிலோதான். சமசெலவுக் கோடு பட்டையைத் தொடுகிறதா என்பது கேள்வியே அல்ல. அந்தத் துண்டைத் தொடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 3,000 ரூபாய்க் கோடு x + y = 100ஐ (80, 20)இல் வெட்டுகிறது; அது துண்டுக்கு வெளியே, புரதம் போதாத இடம். கோட்டை மேலே நகர்த்திக்கொண்டே போனால் துண்டை அது முதன்முதலில் தொடுவது 3,125 ரூபாயில்.

சமன்பாட்டைத் தவறுதலாக x + y ≤ 100 என்று எழுதிவிட்டால் விளைவு வேடிக்கையாக இருக்கும். ஏற்புடைய பகுதி (0, 40), (0, 50), (60, 40), (75, 25) என்ற நான்கு மூலைகள் கொண்ட நாற்கரமாகிவிடும். மிகக் குறைந்த செலவு (0, 40)இல் 2,000 ரூபாய் என்று விடை வரும். அதாவது மக்காச்சோளமே வேண்டாம், 40 கிலோ பிண்ணாக்கு போதும். அதில் 18 கிலோ புரதம் இருப்பது உண்மைதான். மூட்டைதான் பாதிகூட நிரம்பவில்லை. நம்பமுடியாத அளவுக்கு மலிவான விடை வந்தால் முதலில் மொத்த எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. மாறாக x + y ≥ 100 என்று எழுதியிருந்தால் விடை 3,125 ரூபாயாகவே வந்திருக்கும். செலவைக் குறைக்கும் முயற்சியே கலவையை 100 கிலோ எல்லைக்கு இழுத்துவந்து நிறுத்துவதால், இங்கே அந்தப் பிழை வெளியே தெரியாது. குறைப்பதற்குப் பதில் கூட்ட வேண்டிய கணக்காக இருந்தால் கதை தலைகீழாகும்.

விலை மாறும்போது என்ன ஆகும் என்பதையும் துண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். மக்காச்சோளம் 25இலிருந்து 45 ரூபாய்க்கு ஏறினாலும் கலவை மாறாது, செலவு மட்டுமே ஏறும். பிண்ணாக்கைவிட அது மலிவாக இருக்கும்வரை (75, 25)தான் விடை. இரண்டின் விலையும் சமமாகும்போது சமசெலவுக் கோடு துண்டின் மேலேயே படிந்துவிடும். துண்டிலுள்ள எந்தக் கலவைக்கும் ஒரே செலவு. பிண்ணாக்கு ஒரு ரூபாய் மலிவானாலும் விடை ஒரே தாவலில் (60, 40)க்குப் போய்விடும். ஒரு கிலோ புரதம் எதில் மலிவாகக் கிடைக்கிறது என்ற விசாரணைக்கே இங்கே இடமில்லை. மொத்த எடை நிலையாக இருப்பதால் ஒன்றைக் கூட்ட மற்றதை அதே அளவு குறைத்தாக வேண்டும்; கிலோ விலை எதற்குக் குறைவு என்பது மட்டுமே எந்த முனை என்று தீர்மானிக்கிறது.

துண்டு எப்போதும் துண்டாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நார்ச்சத்தின் உச்சவரம்பை 6 கிலோவிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தால் (60, 40) என்ற முனை மறுமுனையை நோக்கி நகரும். வரம்பு 4.5 கிலோவுக்கு வரும்போது இரண்டு முனைகளும் (75, 25)இல் சேர்ந்துவிடும். ஏற்புடைய பகுதி ஒரே புள்ளி. அப்போது விலை என்னவானாலும் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. 4.2 கிலோவுக்கு இறக்கினால் விடையே கிடையாது. ஆனால் தாளில் நிழல் அறவே மறைந்துவிடாது. (200, 0), (210, 0), (150, 10) ஆகிய மூலைகளுக்கு இடையே ஒரு மெலிந்த முக்கோணம் மிச்சமிருக்கும். அதன் எந்தப் புள்ளியிலும் மொத்த எடை 160 கிலோவுக்குக் குறையாது; x + y = 100 கோடு அதைத் தொடாமலே போய்விடும். நிழல் இருக்கிறதே என்று அங்கே விடை தேடுவது வீண்.

மூன்றாவதாகத் தவிட்டையும் சேர்த்தால் கோடு தளமாக மாறும். x + y + z = 100 என்ற சமன்பாடு முப்பரிமாண வெளியில் ஒரு முக்கோணத்தை வெட்டித் தரும்; மற்றக் கட்டுப்பாடுகள் அதை மேலும் நறுக்கும். அப்போதும் z = 100 − x − y என்று பதிலிட்டு ஒரு மாறியை நீக்கிவிட்டால், கணக்கை வழக்கமான வரைபடத்தாளிலேயே வரைந்து தீர்க்கலாம். ஆனால் z ≥ 0 என்பதை x + y ≤ 100 என்று எழுதிச் சேர்க்க மறந்தால், தவிட்டின் எடை சுழிக்குக் கீழே போகும் விடைகளும் உள்ளே நுழைந்துவிடும்.