ஐபீஸ் 1,400 ரூபாய், திருப்பி அனுப்ப 3,200 ரூபாய்

போன ஆண்டு என் தொலைநோக்கிக்கு ஓர் ஐபீஸ் வாங்கினேன். கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சின்ன லென்ஸ் குழாய்தான் அது. வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில், சீனாவின் ஷென்சென் நகரத்து விற்பனையாளர் ஒருவர் போட்டிருந்தார். அனுப்பும் செலவும் சேர்த்து 1,400 ரூபாய். இருபத்தாறு நாள் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்துச் செருகினால் லொடலொடவென்று ஆடியது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். விளம்பரத்தில் 31.7 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. கைக்கு வந்தது பழைய அளவான 24.5 மில்லிமீட்டர்.

விற்பனையாளருக்கு எழுதியதும் பதில் வந்தது. திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தனியார் கூரியரில் விசாரித்தேன். சீனாவுக்கு அரை கிலோதான் குறைந்தபட்சக் கணக்கு, 3,200 ரூபாய் ஆகும் என்றார்கள். தபால் வழியில் செலவு குறையும் என்றாலும், பொருளின் விலையில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். 1,400 ரூபாயைத் திரும்பப் பெற 3,200 ரூபாய் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? அந்த விற்பனையாளருக்கும் இது தெரியும். ‘திருப்பி அனுப்புங்கள்’ என்ற பதிலே பல சமயம் பணம் தராமல் இருப்பதற்கான வழி.

அங்கிருந்து மலிவாக வந்தது இங்கிருந்து போக ஏன் இவ்வளவு கேட்கிறது? முதல் காரணம் மொத்தக் கணக்கு. ஷென்சென் விற்பனையாளர் ஒற்றைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போவதில்லை. ஒருங்கிணைக்கும் நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களின் பார்சல்களை மூட்டையாகக் கட்டி, கிலோ கணக்கில் விமானத்தில் ஏற்றுகிறது. என் ஐபீஸ் அந்த மூட்டையில் நூறு கிராம். நானோ ஜன்னலுக்கு முன் வரிசையில் நிற்கும் ஒற்றை ஆள். எனக்குச் சில்லறை விலைதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இன்றைய உலகத் தபால் ஒன்றியம் உருவானபோது, அனுப்பும் நாடே தபால்தலைக் காசை வைத்துக்கொள்ளும், சேரும் நாடு இலவசமாகப் பட்டுவாடா செய்யும் என்பதுதான் ஏற்பாடு. கடிதம் போனால் பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்று நம்பினார்கள். போவதும் வருவதும் சமமாக இல்லை என்பது புரிந்து, 1969-இல் டோக்கியோ மாநாட்டில்தான் சேரும் நாட்டுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பங்கில் வளரும் நாடுகளுக்குச் சலுகை இருந்தது. சீனாவும் அந்தச் சலுகையில் நெடுங்காலம் பயன்பெற்றது. அமெரிக்கா ஒன்றியத்தைவிட்டே விலகுவதாக 2018-இல் அறிவித்தது இந்தச் சண்டையில்தான். 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சமரசம் ஏற்பட்டு, சேரும் நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ள வழி பிறந்தது. மலிவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூட்டைக்கும் ஒற்றைப் பார்சலுக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே திருப்பி அனுப்பும் செலவு என்கிற பாரம் யார் தலையில் விழுகிறதோ, அவர் தோற்பார். பொருள் சரியா தவறா என்று விற்பனையாளரோடு பக்கம் பக்கமாக வாதாடுவதைவிட, அந்தப் பாரம் யாருடையது என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்வதுதான் முக்கியம். அதைத் தீர்மானிப்பது புகார்ப் படிவத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் காரணம். ‘மனம் மாறிவிட்டது’, ‘அளவு எனக்குப் பொருந்தவில்லை’ என்று தட்டினால் செலவு பொதுவாக வாங்கியவருடையது. ‘விவரித்தபடி இல்லை’ என்று தட்டினால், இபே போன்ற சந்தைகளின் விதிப்படி செலவு விற்றவருடையது. ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தாலும் இது செல்லும்.

நானும் முதலில் ‘பொருந்தவில்லை’ என்பதைத்தான் தட்டப் போனேன். தொலைநோக்கியில் பொருந்தவில்லை என்பது உண்மைதானே! ஆனால் தவறு என் தொலைநோக்கியில் இல்லை, விளம்பரத்தில். அதனால் ‘விவரித்தபடி இல்லை’ என்று பதிந்து மூன்று படங்கள் இணைத்தேன்: 31.7 என்று காட்டும் விளம்பரப் பக்கம், ஸ்கேல்மேல் வைத்த ஐபீஸ், முகவரி தெரியும் பார்சல் உறை. விளம்பரப் பக்கத்தை அன்றே படம் பிடித்தது நல்லதாயிற்று. மறுநாள் அதில் அளவு திருத்தப்பட்டிருந்தது.

அதன்பின் பேரம் தொடங்கியது. பொருளை வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் தருகிறோம் என்றார். அதாவது 210 ரூபாய். மறுத்தேன். முப்பது சதவீதம் ஆனது. மறுபடியும் மறுத்தேன், பாதி ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரே நிபந்தனை: முதலில் புகாரை மூடுங்கள். அதற்கும் ஒப்பாததால், சரியான அளவில் புதிதாக அனுப்புகிறோம், நாற்பது நாள் பொறுங்கள் என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இபேயில் புகார் செய்யப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான். நாற்பது நாள் பொறுத்தால் கதவு சாத்தியிருக்கும். மூடிய புகாரை மறுபடி திறக்கவும் பெரும்பாலும் முடியாது. பணம் கணக்கில் வந்து சேரும்வரை எந்த வாக்குறுதிக்காகவும் புகாரை மூடக் கூடாது. பேச்சு முழுவதும் அந்தச் சந்தையின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். வாட்ஸப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அங்கே பேசியதைச் சந்தை கணக்கில் எடுக்காது.

நான் எழுதிய பதில் இரண்டே வாக்கியம். பொருளைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன். இந்தியாவிலிருந்து கண்காணிப்பு எண்ணோடு அனுப்புவதற்கான கட்டணம் செலுத்திய லேபிளையோ, அதற்கான பணத்தையோ அனுப்புங்கள். கூரியர் சொன்ன தொகையையும் இணைத்தேன்.

இந்தப் பதிலின் பலம் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்ப மறுக்கும் வாங்குபவரைச் சந்தையும் சரி, வங்கியும் சரி, ஆதரிப்பதில்லை. ‘இவ்வளவு செலவழித்து யார் அனுப்புவார்?’ என்று கோபத்தில் எழுதினால் அதுவே மறுப்பாகப் பதிவாகும். தயார் என்று சொல்லிவிட்டால் பந்து விற்பவர் பக்கம் போய்விடுகிறது. அவர் இப்போது 3,200 ரூபாய் அனுப்பி, தன்னால் மறுபடி விற்க முடியாத ஒரு பழைய அளவு ஐபீஸை வரவழைத்து, அதன்பின் 1,400 ரூபாயும் தர வேண்டும். அதைவிடப் பொருளை நம்மிடமே விட்டுவிட்டு 1,400 ரூபாயைக் கொடுத்துவிடுவது அவருக்கு லாபம்.

இதிலும் சில தந்திரங்கள் உண்டு. சீனாவுக்குள் மட்டும் செல்லும் உள்நாட்டு லேபிளை அனுப்பிவைத்து, லேபிள் கொடுத்தாயிற்று என்பார்கள். ஐந்து டாலர் அனுப்பி, இதில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்பார்கள். இரண்டுக்கும், இதை வைத்து இந்தியாவிலிருந்து அனுப்ப முடியாது என்று காரணத்தோடு செய்திப் பெட்டியில் எழுதிவைத்தால் போதும். எனக்கு வந்தது ஐந்து டாலர் யோசனை. விற்பவர் தீர்வு காண இபே கொடுப்பது மூன்று வேலை நாள். நான் வாங்கிய சந்தையிலும் அப்படித்தான். அது கழிந்ததும், சந்தையே தலையிடட்டும் என்ற பொத்தானை அழுத்தினேன். நான்காம் நாள் முழுத் தொகையும் கார்டுக்கு வந்தது.

பேபால் வழியாகப் பணம் கட்டியவர்களுக்கு நிலைமை இவ்வளவு சாதகமில்லை. அங்கே புகார் செய்ய 180 நாள் இருக்கிறது, அது வசதிதான். ஆனால் சொந்தச் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லும் உரிமை பேபாலுக்கு உண்டு. அப்படிச் சொன்னால் இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கே திரும்பிவிடுவோம். இபேயில் ஒரு புகார் நடக்கும்போதே பேபாலிலோ வங்கியிலோ இன்னொன்று தொடங்கினால், இபே தன் புகாரை மூடிவிடும். ஆகவே முதலில் சந்தை, அது கைவிட்டால் மற்றவை.

கடைசிக் கதவு கார்டு கொடுத்த வங்கி. ‘சார்ஜ்பேக்’ என்று கேட்க வேண்டும். விசா கார்டுகளின் விதி, வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப முயன்றிருக்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டாம் பாதிதான் நமக்கு உயிர். திருப்பி அனுப்பத் தயார் என்று எழுதியதும், விற்பவர் உருப்படியான லேபிள் தராமல் நழுவியதும் அந்த முயற்சிக்குச் சாட்சி. பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.

பொருள் விலை கூடினால் கணக்கும் மாறும். ஒன்பதாயிரம் ரூபாய் லென்ஸாக இருந்திருந்தால் அந்த விற்பனையாளர் 3,200 ரூபாயை அனுப்பிப் பொருளைக் கேட்டிருப்பார். அப்போது அனுப்பத்தான் வேண்டும். தபாலில் அனுப்பினால் சி.என். 23 என்ற சுங்கப் படிவத்தில் ‘திருப்பி அனுப்பப்படும் சரக்கு’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ‘விற்பனைப் பொருள்’ என்று குறித்தால் அங்கே இறக்குமதி வரி விழலாம். அதைக் காரணம் காட்டி விற்பவர் பார்சலை வாங்க மறுக்கலாம். கண்காணிப்பு எண் இல்லாமல் அனுப்பினால் அனுப்பியதற்கே ஆதாரமில்லை. பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரியாக இருந்தால் சர்வதேசத் தபால் ஏற்காது. அந்த விவரத்தையும் செய்திப் பெட்டியில் பதிந்துவிடுங்கள்.

இவ்வளவும் விற்பவர் தவறு செய்தால்தான். அளவைப் படிக்காமல் நாமே தவறாக வாங்கிவிட்டு, ‘விவரித்தபடி இல்லை’ என்று தட்டுவது பொய். அந்த விற்பனையாளரும் சிறு லாபத்தில் பிழைப்பவர்தான். அப்படி நேர்ந்தால், பகுதிப் பணம் தருவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் நஷ்டம் நம்முடையது. உள்ளூரில் தேவைப்படுகிறவருக்கு விற்றுவிடுவது மேல்.

பணம் வந்த பிறகும் ஐபீஸை நான்கு மாதம் தொடாமல் வைத்திருந்தேன். விற்பவர் மேல்முறையீடு செய்து, பொருளைக் கேட்டால் கொடுக்க வேண்டுமே. யாரும் கேட்கவில்லை. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் 24.5 மில்லிமீட்டர் குழாய் கொண்ட பழைய தொலைநோக்கி ஒன்று ஐபீஸ் இல்லாமல் கிடந்தது. இப்போது அதில்தான் இது செருகியிருக்கிறது.