ஐந்தாம் நாள் இரவின் மூச்சுக் கணக்கு

பெருங்குடலில் புற்றுக்கட்டி வந்த பகுதியை வெட்டி எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் தையல் போட்டோ ஸ்டேப்ளர் கருவியாலோ சேர்க்கிறார்கள். அந்த இணைப்பு நிலைக்குமா என்பது ஆபரேஷன் தியேட்டரிலேயே உறுதியாகத் தெரிந்துவிடுவதில்லை. பெரும்பாலோருக்கு நன்றாகவே ஆறிவிடும். ஆறாத சிலருக்குக் கசிவு வெளிப்படுவது அநேகமாக முதல் வாரத்தின் பின்பாதியில்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குடும்பம் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கும் நாட்கள் அவை.

இங்கே நான் விவரிக்கப்போகும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்ல. இப்படிக் கசிவு வந்தவர்களின் உடல் வழக்கமாகப் போகும் போக்கை ஒரே நேர்வாகத் தொகுத்திருக்கிறேன். 62 வயது, 60 கிலோ எடை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. கொதிப்புக்குப் பல வருடங்களாக மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். குடல் அறுவைக்குப் பின் முதல் மூன்று நாட்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுந்து நடந்தார், கஞ்சி குடித்தார், சிறுநீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் மாலை விக்கல் வந்தது. வயிறு லேசாக உப்பியது. கஞ்சி வேண்டாம் என்று தள்ளினார். கேஸ் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தார்கள். இரவு 8 மணிக்குக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தவை: நாடித்துடிப்பு 92, காய்ச்சல் இல்லை, பிரஷர் 128/78, ஆக்ஸிஜன் அளவு 96, மூச்சு நிமிடத்துக்கு 20. பார்த்தவர் யாருக்கும் பதற்றம் வரக் காரணமில்லை.

இந்த ஐந்து எண்களில் மூன்று, நோயாளியின் உண்மை நிலையைச் சொல்லவில்லை.

வலிக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் டிரிப்ஸ் போய்க்கொண்டிருந்தது. அது வலியைக் குறைக்கும்போதே காய்ச்சலையும் அமுக்கிவிடும். வலி மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது தேவைதான். ஆனால் அந்த மருந்து ஓடும்போது ‘காய்ச்சல் இல்லை’ என்ற வரியை நம்பி யாரும் ஆறுதல் அடையக் கூடாது. செப்சிஸ் முற்றும்போது சிலருக்கு, முதியவர்களுக்குக் குறிப்பாக, உடல் சூடாவதற்குப் பதில் சில்லிட்டே போகும்.

இரண்டாவது, நாடித்துடிப்பு. மெட்டோப்ரோலால் இதயம் வேகமாகத் துடிப்பதைக் கட்டுப்படுத்தும் மருந்து. அதைச் சாப்பிடாதவருக்கு இதே நிலையில் துடிப்பு 115, 120 என்று ஓடியிருக்கலாம். இவருக்கு 92. அறுவைக்கு மறுநாள் இவருடைய துடிப்பு 68 என்பதைத் திருப்பிப் பார்த்திருந்தால் 92 என்ற எண் வேறு விதமாகப் பட்டிருக்கும். ஒரே நேரத்து எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் நமக்குச் சேதி.

மூன்றாவது, மூச்சு. இதை மறைத்தது மருந்து அல்ல, நம் வழக்கம். வார்டுகளில் நாடித்துடிப்பையும் ஆக்ஸிஜனையும் விரலில் மாட்டும் கருவி காட்டிவிடுகிறது. பிரஷரை இன்னொரு கருவி காட்டுகிறது. மூச்சை மட்டும் ஒருவர் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரம் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இருபது, முப்பது பேரை ஒரு சிஸ்டர் பார்த்துக்கொள்ளும் இரவில் அந்த நிமிடம் கிடைப்பதில்லை. கேஸ் ஷீட்டுகளில் 20, 20, 20 என்று வரிசையாக நிற்பதை மருத்துவத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இந்த நோயாளிக்கு உண்மையில் அப்போதே 24 இருந்திருக்கும்.

மூச்சு ஏன் முந்திக்கொள்கிறது? குடலிலிருந்து கசியும் கிருமிகளை எதிர்க்க உடல் கிளம்புகிறது. அந்த எதிர்ப்பு கட்டுக்கு அடங்காமல் போய், சொந்த உறுப்புகளையே பாதிக்கும் நிலைதான் செப்சிஸ். நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. திசுக்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. செல்கள் லாக்டேட்டைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலத்தைச் சமன் செய்ய உடலுக்கு உடனடியாகக் கிடைக்கும் வழி, வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுவது. இதனால் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருக்கும்போதே மூச்சு எண்ணிக்கை ஏறிவிடுகிறது. விரல் கருவியில் 96 தெரிகிறதே என்று திரும்பிப் போவதில் உள்ள ஆபத்து இதுதான்.

நள்ளிரவு தாண்டி 2 மணி. கணவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ஏதோ பேசுவதைக் கேட்டு மனைவி சிஸ்டரிடம் ஓடினார். “சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க. பையன் ஊர்லேருந்து வந்துட்டானான்னு கேக்கறாரு. பையன் பக்கத்துலதான் நிக்கறான்.”

“தூக்கம் இல்லாம இருக்காரும்மா, வலி ஊசி வேற போட்டிருக்கு. காலைல சரியாயிடும்.”

“இல்ல சிஸ்டர். இவரு இப்படிப் பேசற ஆளே இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமமாக மதிக்கிறேன். புதிதாக வரும் மனக்குழப்பம், மூளைக்குப் போகும் ரத்தமும் அதன் வேலையும் தடுமாறுவதன் அடையாளமாக இருக்கலாம். அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்று தெரிந்தவர் அந்த வார்டிலேயே மனைவி ஒருவர்தான். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, மருத்துவமனையில் இருந்தபடியே 2021இல் செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் சொன்ன கவலைக்குச் செவி கிடைக்கவில்லை. அவள் பெயராலேயே 2024 முதல் அங்கே ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளி மோசமாகிறார் என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால், வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நம் மருத்துவமனைகளிலும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நோயாளியின் விஷயத்தில் சிஸ்டர் வந்தார்; நின்று ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 26. பிரஷர் 106/64, நாடித்துடிப்பு 104, ஆக்ஸிஜன் 94, வெப்பம் 99.7 டிகிரி.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட ‘நியூஸ் 2’ என்ற மதிப்பெண் முறையில் இந்த எண்களைப் போட்டுப் பார்க்கலாம். இயல்பிலிருந்து விலகிய ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் 1 முதல் 3 வரை புள்ளி. இங்கே மூச்சுக்கு 3, புதிய குழப்பத்துக்கு 3, ஆக்ஸிஜன், பிரஷர், நாடித்துடிப்பு மூன்றுக்கும் தலா 1, காய்ச்சலுக்குப் பூஜ்யம். மொத்தம் 9. ஏழைத் தொட்டாலே அவசர நிலை. இதே நிமிடத்தில் மூச்சை வழக்கம்போல 20 என்று எழுதி, குழப்பத்தைத் தூக்கக் கலக்கம் என்று விட்டிருந்தால் மொத்தம் 3தான். அந்த 3க்கு யாரும் டாக்டரை எழுப்பியிருக்க மாட்டார்கள்.

டியூட்டி டாக்டர் வந்து முதலில் கேட்டது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பது. இரவு 10 மணிக்கு என்றார் மனைவி. மீண்டும் குழாய் போட்டபோது கிடைத்தது 80 மில்லி. 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். சிறுநீரகமும் வேலையைக் குறைத்துக்கொண்டது. ரத்தத்தில் லாக்டேட் 3.8, இரண்டுக்குள் இருக்க வேண்டியது. சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் எந்த அறுவைக்கும் இரண்டாம், மூன்றாம் நாள்வரை ஏறும், பிறகு இறங்கத் தொடங்க வேண்டும். இவருக்கு மூன்றாம் நாளைவிட இப்போது கூடியிருந்தது.

நெஞ்சில் சளி கட்டினாலும், நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்தாலும், மாரடைப்பு வந்தாலும் மூச்சு ஏறலாம். டாக்டர் ஈ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். ஆனால் அவை வரும்வரை சிகிச்சை காத்திருக்கவில்லை. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு கைகளிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்து, குடல் கிருமிகளை விரிவாகத் தாக்கும் ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியே ஏறியது. செப்சிஸ் என்று வலுவாகச் சந்தேகித்தால் இது ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ரத்தம் எடுப்பதில் தாமதமானால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பிறகு திரவம். முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது பரிந்துரை. இவருக்குச் சுமார் 1,800 மில்லி. அதை ஒரே மூச்சில் ஏற்றாமல் சிறு சிறு அளவாக ரிங்கர் லாக்டேட் கொடுத்து, ஒவ்வொரு அளவுக்குப் பின்னும் பிரஷரையும் நுரையீரல் சத்தத்தையும் பார்த்தார்கள். வயதானவரின் இதயத்துக்கு அளவு மீறிய திரவமும் தீங்குதான். அதன் பிறகும் பிரஷர் 88/46க்கு இறங்கியது. நார் அட்ரினலின் மருந்தைத் தொடங்கி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள்.

இவ்வளவும் செய்தாலும் நோயின் ஊற்று மூடவில்லை. வயிற்றுக்குள் மலம் கசிந்துகொண்டிருக்கும்வரை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தனியாக வெல்லாது. சி.டி. ஸ்கேனில் இணைப்பைச் சுற்றிக் காற்றும் திரவமும் தெரிந்தன. சில நேரம் கசிவு இருந்தும் ஸ்கேனில் தெரியாமல் போகும். அப்போது நோயாளியின் நிலையைப் பார்த்தே அறுவை நிபுணர் மறுபடி வயிற்றைத் திறக்க முடிவெடுக்க வேண்டியிருக்கும். இவரைக் காலை 8 மணிக்குத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இணைப்பின் பின்பக்கம் சிறிய ஓட்டை. வயிற்றைக் கழுவி, இணைப்பை எடுத்துவிட்டு, கீழ் முனையை மூடி, மேல் முனையை வயிற்றுச் சுவரில் வெளியே கொண்டுவந்தார்கள். மலம் ஒரு பையில் சேரும். சில மாதங்கள் கழித்து உடம்பு தேறியபின் குடலை மறுபடி சேர்க்க வாய்ப்புண்டு.

ஐ.சி.யூ.வில் ஒரு வாரம் இருந்துவிட்டு அவர் வார்டுக்குத் திரும்பினார். கைகால் பலமும் ஞாபகமும் பழைய நிலைக்கு வர மாதக் கணக்கில் ஆகலாம் என்று குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். அதைச் சொல்லாமல் விட்டால், வீட்டுக்குப் போன பிறகு வரும் சோர்வை நோயாளியின் சோம்பலாகக் குடும்பம் நினைத்துவிடும்.

இப்போதெல்லாம் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்து நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கசிவு தெரியும் நாட்களில் நோயாளி தன் வீட்டுக் கட்டிலில் இருப்பார். அங்கே சிஸ்டர் இல்லை. அவர் தூங்கும்போது, அவருக்குத் தெரியாமல், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். ஓய்வில் இருக்கும்போதே 22க்கு மேல் இருந்தால், பேச்சு மாறினால், அரை நாளாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், உடல் நடுங்கிக் குளிரெடுத்தால், தோல் திட்டுத் திட்டாக வெளுத்துச் சில்லிட்டால், ஆறிவந்த வயிற்று வலி மறுபடி ஏறினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யும்போது “ஒரு மாதிரியா இருக்காரு” என்று மட்டும் சொல்லாமல், “குடல் ஆபரேஷன் ஆகி ஆறாம் நாள், மூச்சு நிமிடத்துக்கு 26, பேச்சு குழறுது, செப்சிஸா இருக்குமோ?” என்று கேளுங்கள். போனை யாரும் எடுக்கவில்லை என்றால் 108ஐ அழைத்து, ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அங்கிருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.