ஐந்து சாலை ஊரும் இரண்டு சாலை ஊரும்

திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் போகிற பஸ்ஸும் பழனியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸும் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிற இடம் செம்பட்டி. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என நான்கு பக்கமும் பெரிய சாலைகள் பிரிகின்றன. ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிற சிறு சாலையையும் சேர்த்தால் ஐந்து. இந்த வட்டாரத்தில் முக்கியமான சந்திப்பு எது என்று கேட்டால், வரைபடத்தைப் பார்க்கிற யாரும் செம்பட்டியைத்தான் காட்டுவார்கள். ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. அதன்படி செம்பட்டியும் தேனியும் ஒரே தரம்.

அந்தக் கணக்கைப் போட ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பத்து ஊர்களைப் புள்ளிகளாக வைப்போம். இடையில் வரும் சின்ன ஊர்களையும் கிளைச் சாலைகளையும் விட்டுவிடலாம். செம்பட்டியிலிருந்து ஏற்கெனவே சொன்ன ஐந்து கோடுகள். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி, பழனியிலிருந்து கொடைக்கானல். வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டைக்கும் தேனிக்கும் கொடைக்கானலுக்கும் ஒவ்வொன்று. நிலக்கோட்டையிலிருந்து மதுரை, தேனியிலிருந்து மதுரை. மொத்தம் 14 கோடுகள். செம்பட்டிக்கு ஐந்து கோடு, வத்தலக்குண்டுக்கு நான்கு. பழனி, கொடைக்கானல், தேனி மூன்றுக்கும் இரண்டிரண்டு. ஆத்தூருக்கு ஒன்றே ஒன்று.

இப்போது அழிப்பானை எடுங்கள். விதி ஒன்றுதான். இரண்டுக்குக் குறைவான கோடுள்ள ஊரை அதன் கோட்டோடு சேர்த்து அழிக்க வேண்டும். ஆத்தூர் போகிறது. வேறு யாருக்கும் பாதிப்பில்லை. மிச்சமுள்ள ஒன்பது ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு கோடு இருக்கிறது. இந்த ஒன்பதும் சேர்ந்ததை 2-கரு என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து விதியைக் கொஞ்சம் இறுக்கி, மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அழிக்கலாம் என்று வைப்போம். பழனி, கொடைக்கானல், தேனி மூன்றும் போகின்றன. பழனி போனதால் ஒட்டன்சத்திரத்துக்கு இரண்டு கோடுதான் மிச்சம். தேனியும் கொடைக்கானலும் போனதால், நான்கு கோட்டோடு நிமிர்ந்து நின்ற வத்தலக்குண்டும் இரண்டுக்கு இறங்குகிறது. மதுரைக்கும் இரண்டு. அவை மூன்றும் போகின்றன. கடைசியில் செம்பட்டி, திண்டுக்கல், நிலக்கோட்டை மட்டும். செம்பட்டிக்கு இப்போது இரண்டே கோடு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. அவையும் போய்விட, காகிதம் வெறுமையாகிறது.

ஆக, இந்தப் படத்தில் 3-கரு என்று ஒன்றே கிடையாது. ஒரு புள்ளி எந்த எண்வரை தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் அதன் கரு எண். ஐந்து சாலையுள்ள செம்பட்டிக்கும் இரண்டு, இரண்டு சாலையுள்ள தேனிக்கும் இரண்டு. படத்தில் ஒரு புள்ளியாவது எந்த எண்வரை தாக்குப்பிடிக்கிறதோ அதற்கு டிஜெனரசி என்று பெயர். இங்கே அதுவும் இரண்டுதான். செம்பட்டியின் பலம் அதன் அண்டை ஊர்களிடம் இருந்தது. அவற்றின் பலம் அவற்றின் அண்டை ஊர்களிடம். ஓரத்தில் தொடங்கிய சரிவு நடுவுக்கு வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எந்த வரிசையில் அழித்தாலும் விடை மாறாது என்பது. பழனியை முதலில் அழித்தாலும் தேனியை முதலில் அழித்தாலும் முடிவு ஒன்றுதான். காரணம் எளிது. ஒருவர் ஒரு வரிசையில் அழித்து முடித்து, ஒரு கருவைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வையுங்கள். இன்னொருவர் வேறு வரிசையில் அழிக்கிறார். அந்தக் கருவின் உறுப்பினர்களில் முதல் ஆளை அவர் எப்போது அழிக்க முடியும்? அந்த நேரத்தில் கருவின் மற்ற எல்லாரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஆகவே அந்த ஆளுக்குத் தேவையான தொடர்பு குறையவில்லை, அழிக்க விதி இடம் தராது. முதல் ஆளையே அழிக்க முடியாதபோது இரண்டாவது ஆள் என்ற பேச்சே இல்லை.

சமூகவியலில் இந்தக் கருவைக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் சைட்மன். ஆண்டு 1983. அதே ஆண்டில் டேவிட் மாட்டுலாவும் லீலண்ட் பெக்கும், எப்போதும் மிகக் குறைந்த தொடர்புள்ள புள்ளியையே அழித்துக்கொண்டு போகிற முறையை வேகமாகச் செய்ய வழி சொன்னார்கள். ஒரு கோடுள்ளவை ஒரு பெட்டி, இரண்டு கோடுள்ளவை அடுத்த பெட்டி எனப் பிரித்து வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி அழியும்போது அதன் அண்டைப் புள்ளிகளை ஒரு பெட்டி கீழே இறக்கினால் போதும். கோடுகள் இரட்டித்தால் வேலையும் ஏறக்குறைய இரட்டிக்கும், அதற்கு மேல் ஏறாது. கோடிக்கணக்கான ஆட்களுள்ள வலையமைப்பையும் இதனால்தான் உரித்துப் பார்க்க முடிகிறது.

சாலைப் படத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மேம்பாலம் இல்லாமல், சந்திப்புகளில் மட்டுமே கோடுகள் தொட்டுக்கொள்கிற எந்தப் படத்திலும் ஐந்து அல்லது அதற்குக் குறைவான கோடுள்ள புள்ளி ஒன்றாவது இருந்தே தீரும். ஆய்லர் காலத்துச் சூத்திரம் ஒன்று இதைக் காட்டுகிறது. அழிக்க அழிக்க மிஞ்சுவதும் அதே மாதிரிப் படம்தான் என்பதால், இந்தியா முழுவதற்கும் இப்படி வரைந்தாலும் டிஜெனரசி ஐந்தைத் தாண்டாது. தரை விடாது.

மனிதர்கள் தரையில் வரைந்த கோடுகள் இல்லையே. 2011-ல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனர்களை ஜோஹன் உகாண்டரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரை விட்டுவிட்டு, அவருடைய நண்பர்களுக்குள் யாருக்கு யாரைத் தெரியும் என்ற படத்தை மட்டும் பார்த்தார்கள். நூறு நண்பர்கள் உள்ளவரின் படத்தில் டிஜெனரசி சராசரியாக 15. ஐந்நூறு நண்பர்கள் உள்ளவரிடம் 53. அதாவது அந்த ஐந்நூறு பேருக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் அதே கூட்டத்தில் குறைந்தது 53 பேரைத் தெரியும். பள்ளியோ, கல்லூரியோ, அலுவலகமோ, சொந்தபந்தமோ, ஏதோ ஒன்று அவர்களைக் கட்டி வைத்திருக்கிறது.

கல்யாணத் தரகர் ஒருவருக்கு முந்நூறு குடும்பங்கள் பழக்கம் என்று வையுங்கள். அந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாதவை என்றால் அவருடைய கரு எண் ஒன்றுதான். ஒருவருக்கொருவர் மொய் செய்துகொள்கிற பதினொரு பங்காளி வீடுகளில், வேறு யாரையும் தெரியாத வீட்டுக்கும் கரு எண் பத்து. தரகர் வேண்டாதவர் என்று அர்த்தமில்லை. அந்த முந்நூறு வீடுகளை இணைப்பவர் அவர் ஒருவர்தான். அந்த வேலையைக் கரு எண் அளப்பதில்லை. அது அளப்பது வேறு: சுற்றியுள்ளவர்கள் ஒவ்வொருவராக விலகினால் யார் கடைசிவரை நிற்பார்கள் என்பதை.

அப்படி எல்லாரும் விலகிய கதை ஒன்று உண்டு. 2002-ல் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர், ஃபேஸ்புக்குக்கு முந்தியது. மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் நாடுகளில் கொடிகட்டிப் பறந்தது. அந்த நாடுகளில் அப்போது இளைஞர்களாக இருந்த தமிழர்களுக்கு நினைவிருக்கும். நமக்கு ஆர்குட் எப்படியோ அப்படி. 2011-ல் அது சமூக வலைத்தளமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. மூடுவதற்குள் இணைய ஆவணக் காப்பகத்தினர் நண்பர் பட்டியல்களைச் சேமித்துவிட்டார்கள். சூரிச்சில் டேவிட் கார்சியாவும் இரு சகாக்களும் 2013-ல் அந்தப் பட்டியல்களை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது.

அவர்களுடைய எண்ணம் இது. ஒரு தளத்தில் இருப்பதற்குச் செலவு உண்டு: நேரம், எரிச்சல், மெதுவாகத் திறக்கும் பக்கம். பலனும் உண்டு, அது அங்கே இன்னும் புழங்குகிற நண்பர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்து நண்பர்களாவது இருந்தால்தான் செலவுக்குக் கட்டுப்படியாகும் என்றால், நான்கு பேர் மட்டும் உள்ளவர் வெளியேறுவார். அவர் போனதால் ஐந்து வைத்திருந்தவர் நான்குக்கு இறங்குவார், அவரும் போவார். ஓடி ஓய்ந்த பிறகு மிஞ்சுவது அச்சு அசலாக 5-கரு. தளம் இன்னும் மோசமானாலோ, பக்கத்தில் வேறு தளம் வந்தாலோ தேவை ஆறாகும், ஏழாகும். அழிப்பானைப் பிடித்திருக்கும் கை வெளியில் இல்லை. பயனர்களே தங்களை அழித்துக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து தளத்தின் உறுதியைக் கணிக்க முடிகிறது. சராசரி நண்பர் எண்ணிக்கை ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தளங்களில் ஒன்று உடனே சரியலாம், மற்றது நீடிக்கலாம். எத்தனை பேருடைய கரு எண் உயரமாக இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். நம் காகிதத்திலேயே சராசரி ஓர் ஊருக்கு ஏறக்குறைய மூன்று கோடு. ஆனால் தேவை மூன்றானதும் எதுவும் மிஞ்சவில்லை.

வதந்தியோ நோயோ பரவுவதற்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மாக்சிம் கிட்சாக்கும் மற்றவர்களும் 2010-ல் சொன்னது: ஓரிடத்திலிருந்து மட்டும் பரவல் தொடங்கினால், அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தொடங்கியவரின் நண்பர் எண்ணிக்கையைவிடக் கரு எண் நன்றாகச் சொல்கிறது. ஆனால் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டுமென்றால் கருவிலேயே எல்லாரையும் தேர்ந்தெடுப்பது வீண். அவர்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் அருகில்தான் இருக்கிறார்கள். தள்ளித் தள்ளி ஆட்களைப் பிடிப்பதுதான் சரி.

கருவை நம்புவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. காகிதத்துக்குத் திரும்புங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரைக்கு நேரடியாக ஒரு கோடு, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செம்பட்டியைத் தொடாமல் ஒரு கோடு என இரண்டு புதிதாகப் போடுங்கள். மீண்டும் உரித்தால் இந்த முறை பழனி, கொடைக்கானல், தேனி, ஆத்தூர் மட்டுமே விழும். ஆறு ஊர்கள் 3-கருவாக நிற்கும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் இது நடக்காது. இரண்டாவதைப் போட்டதும் ஒன்றுமில்லாத இடத்தில் ஆறு ஊர்க் கரு முளைக்கிறது. திருப்பிச் சொன்னால், தகவல் சேகரிக்கும்போது ஒரே ஒரு கோட்டைத் தவறவிட்டாலும் உள்ள கருவை இல்லை என்று எழுதிவிடுவோம்.

கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுகளில் இது நிஜமான தொல்லை. எலினார் பவர் தென் தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில், அவசரத்துக்கு யாரிடம் கடன் கேட்பீர்கள், யாரிடம் யோசனை கேட்பீர்கள் என்பது போன்ற கேள்விகளால் வலையமைப்பு வரைந்தார். தென்பட்டி, அழகாபுரம் என்று அந்த ஊர்களுக்குப் புனைபெயர் வைத்து 2017-ல் எழுதினார். இத்தகைய பதில்களில் திசை உண்டு. நான் உங்களிடம் கடன் கேட்பேன், நீங்கள் என்னிடம் கேட்க மாட்டீர்கள். சாதாரணமாக உரிக்கும் முறை அந்தத் திசையை மறந்துவிட்டு இருவரையும் சமமாக இணைக்கும். பதில் சொல்பவர் சொல்ல மறந்த பெயர் ஒன்று, வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட பெயர் ஒன்று என இரண்டு போனாலே கரு கலையலாம்.

இதற்குச் சோதனை உண்டு, கடினமும் இல்லை. கிடைத்த கோடுகளில் நூற்றுக்கு ஐந்தைக் கண்ணை மூடி அழித்துவிட்டுக் கரு எண்களை மறுபடி கணக்கிட வேண்டும். இப்படி நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு கோடுகள். பெரும்பாலான தடவைகளில் அதே ஆட்கள் உள்ளே நின்றால் அந்தக் கருவைப் பற்றிப் பேசலாம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், ஊரின் மையம் இவர்கள்தான் என்று பெயர் சொல்லி அறிக்கை எழுதுபவரை நம்பாதீர்கள்.