எண்ணெய் எப்போது தொண்ணூறைத் தொடும்?

ஆலையில் பிழிந்து இன்னும் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மேசை மேல் வைத்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் அது முழுக்கத் தண்ணீர் போல ஓடாது. மேலே செந்நிறத் திரவமும் கீழே கஞ்சி போன்ற மஞ்சள் படிவுமாகப் பிரிந்து நிற்கும். 30 பாகை செல்சியஸ் அந்த எண்ணெய்க்குக் குளிர்தான்.

இந்த எண்ணெயின் கதை நம் வட்டாரத்தில் தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிக நோக்கத்தோடு நட்டார். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. அன்று நட்டது இன்று சாலையின் இரு புறமும் கண்ணுக்கு எட்டும் வரை நிற்கிறது. குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரியின் பின்னால் நீங்களும் பொறுமையாக வண்டி ஓட்டியிருப்பீர்கள்.

என் மாணவன் ஒருவனின் தந்தை ஆலையில் வேலை செய்கிறார். விடுமுறை முடிந்து ஆலை திறக்கும் நாளில் அப்பா விடியும் முன்பே போய்விடுகிறார் என்று அவன் ஒருமுறை சொன்னான். "எண்ணெயைச் சூடாக்கணுமாம் சார். எத்தனை மணிக்கு ரெடியாகும்னு அவருக்கே சரியாத் தெரியாதாம்." படிவம் 4 இயற்பியலில் வெப்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் அங்கேயே மாறிவிட்டது.

பிழிந்த எண்ணெயில் தண்ணீரும் நாரும் மண்ணும் கலந்திருக்கும். அவை கீழே இறங்க வேண்டுமென்றால் எண்ணெய் இளகி மெலிய வேண்டும். அதனால் தெளிவுத் தொட்டியை 90 பாகையை ஒட்டி வைக்கிறார்கள். அதற்கு மேல் போய்த் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் குமிழ்கள் அடிமண்டியைக் கிளறிவிடும். குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் பிரியாது. தொட்டி தயாராகாமல் பிழியத் தொடங்க முடியாது. அதுவரை வெட்டிய குலைகள் முற்றத்தில் காத்துக் கிடக்கும். அடிபட்ட பழத்தில் நொதிகள் எண்ணெயைச் சிதைப்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொழுப்பு அமிலம் ஏறி விலை இறங்கும். ஆகவே, "எப்போது ரெடியாகும்?" என்பது பணம் சார்ந்த கேள்வி.

கையாள எளிதாக ஒரு சிறிய தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 10 டன் எண்ணெய், 30 பாகையில் இருக்கிறது. நடுவே மெதுவாகச் சுழலும் கலக்கி. அடிப்பக்கத்தில் வளையமாகச் சுற்றிய இரும்புக் குழாய். இரண்டு அங்குலக் குழாய், சுமார் 42 மீட்டர் நீளம். அதன் வெளிப்பரப்பு 8 சதுர மீட்டர் வரும். குழாய்க்குள் நீராவி ஓடுகிறது. அழுத்தமானி 3 பார் காட்டினால் அந்த நீராவியின் வெப்பநிலை 144 பாகை. நீராவி குழாய்ச் சுவரில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் மறைவெப்பத்தை எண்ணெய்க்குக் கொடுத்துவிடுகிறது. அழுத்தம் மாறாத வரை அந்த 144 பாகையும் மாறாது.

தேவைப்படும் வெப்பத்தைக் கணக்கிடுவது எளிது. ஒரு கிலோ எண்ணெயை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 2 கிலோஜூல் வேண்டும். 10,000 கிலோவை 60 பாகை உயர்த்த 12 லட்சம் கிலோஜூல். குழாய் எவ்வளவு வேகமாக வெப்பம் தரும்? நன்றாகக் கலக்கும் எண்ணெயில், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக, ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 200 வாட் போகிறது என்று கொள்வோம். 8 சதுர மீட்டருக்கு, பாகைக்கு 1.6 கிலோவாட். தொடக்கத்தில் நீராவிக்கும் எண்ணெய்க்கும் வேறுபாடு 114 பாகை. ஆகவே 182 கிலோவாட். பன்னிரண்டு லட்சத்தை 182-ஆல் வகுத்தால் 110 நிமிடம் கிடைக்கும்.

வகுப்பில் பாதிப் பேர் இந்த விடையோடு கை தூக்கினார்கள். விடை தவறு. எண்ணெய் சூடாகச் சூடாக வேறுபாடு சுருங்குகிறது. 90 பாகையில் அது வெறும் 54. அப்போது குழாய் தருவது 86 கிலோவாட், தொடக்கத்தில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆற்றிய காப்பி முதல் ஐந்து நிமிடத்தில் மளமளவென்று ஆறி, பிறகு வெதுவெதுப்பிலேயே நின்று நம்மைச் சோதிக்குமே, அதே விதிதான் இங்கே தலைகீழாக நடக்கிறது. வேகம் கணத்துக்குக் கணம் குறைவதால் ஒரே வேகத்தை வைத்து வகுக்கக் கூடாது. சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக எடுத்துக் கூட்டினால் இந்தச் சூத்திரம் வருகிறது:

```
t = (m × c) / (U × A) × ln[ (Ts − T0) / (Ts − T) ]
```

m எண்ணெயின் நிறை, c அதன் தன்வெப்பம். U என்பது நாம் கொண்ட 200 வாட், A குழாய்ப் பரப்பு. Ts நீராவி வெப்பநிலை, T0 தொடக்க வெப்பநிலை, T நமக்கு வேண்டியது. ln உங்கள் கணிப்பொறியில் இருக்கும் ஒரு பொத்தான், மடக்கையில் ஒரு வகை.

முதல் பகுதி 20,000-ஐ 1.6-ஆல் வகுப்பது: 12,500 வினாடி, அதாவது 208 நிமிடம். இதைத் தொட்டியின் "சொந்த நேரம்" என்று நான் சொல்வேன். இரண்டாம் பகுதியில் 114-ஐ 54-ஆல் வகுத்து ln அழுத்தினால் 0.747. இரண்டையும் பெருக்கினால் 156 நிமிடம். முதல் கணக்கைவிட முக்கால் மணி நேரம் அதிகம். 30-இலிருந்து 40-க்குப் போக 19 நிமிடம் போதும். 80-இலிருந்து 90-க்கு 35 நிமிடம் ஆகும். கடைசி நேரத்தில் "இன்னும் பத்து பாகைதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கணக்கு மூன்று விஷயங்களை நம்பி நிற்கிறது. ஒன்று, தொட்டி முழுக்க ஒரே வெப்பநிலை. இதற்குத்தான் கலக்கி. அது நின்றுவிட்டால் குழாயை ஒட்டிய எண்ணெய் மட்டும் 140 பாகையை நெருங்கிக் கருகும், கருகியது குழாய் மேல் தோலாகப் படியும், மேல்பகுதியோ குளிர்ந்தே கிடக்கும். இரண்டு, தொட்டியின் சுவர் வழியே வெப்பம் போகக் கூடாது. காப்புறை இல்லாத 20 சதுர மீட்டர் சுவர் என்றால் 90 பாகையில் ஏறத்தாழ 12 கிலோவாட் காற்றோடு போகும். அதையும் சேர்த்தால் 156 நிமிடம் 166 ஆகும். பத்து நிமிடம்தான், பரவாயில்லை என்று விடலாம். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: உள்ளே இருப்பது எண்ணெய் மட்டும்தானா? தண்ணீரின் தன்வெப்பம் 4.2, எண்ணெயைவிட இரு மடங்கு. அதே 10 டன்னில் பாதி தண்ணீர் என்றால் 156 நிமிடம் 242 ஆகிவிடும். அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்காமல் நேரம் சொல்வது குறி சொல்வது போலத்தான்.

இனி மாணவனின் தந்தைக்கு வருவோம். U எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரப்போவதில்லை. சொன்னாலும் அது புத்தகத்து எண். அவருடைய தொட்டியின் எண்ணை அவரே கண்டுபிடிக்கலாம், அதற்கு ஒரு வெப்பமானியும் கடிகாரமும் போதும்.

நம் தொட்டி சரியாக வேலை செய்தால் அரை மணியில் 45 பாகை, ஒரு மணியில் 59, ஒன்றரை மணியில் 70, இரண்டு மணியில் 80 காட்ட வேண்டும். ஒரு நாள் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 46 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவியோடு உள்ள வேறுபாடு 114-இலிருந்து 98-க்கு இறங்கியிருக்கிறது. 114-ஐ 98-ஆல் வகுத்து ln அழுத்தினால் 0.151. 60 நிமிடத்தை அதனால் வகுத்தால் சொந்த நேரம் 397 நிமிடம், இருக்க வேண்டிய 208-க்கு ஏறக்குறைய இரு மடங்கு. 397-ஐ 0.747-ஆல் பெருக்கினால் 297 நிமிடம். ஐந்து மணி நேரம்! காலை 5 மணிக்கு வால்வைத் திறந்தவர், 6 மணிக்கே "பத்து மணிக்கு முன்னால் ஆகாது" என்று மேலாளருக்குச் சொல்லிவிடலாம். ஏழரை மணிக்கு எல்லாரும் வந்து நின்ற பிறகு கையைப் பிசைய வேண்டாம்.

சொல்லிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் அழுத்தமானி. ஆலை ஓடும்போது குலைகளை அவிக்கும் கலன் திறந்தால் நீராவியை அதுவே இழுத்துக்கொள்ளும். அழுத்தம் 1.5 பாருக்கு இறங்கினால் நீராவி 127 பாகைதான். பிறகு கலக்கி: தொட்டியின் மேலும் கீழும் வெப்பநிலையை எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டும் எட்ட நின்றால் கலக்கல் இல்லை, மேலே போட்ட கணக்கும் செல்லாது.

இரண்டும் சரி என்றால் சுருளின் முடிவில் உள்ள ஸ்டீம் டிராப்பைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரை வெளியே விட்டு, நீராவியை உள்ளேயே நிறுத்தும் சின்னக் கருவி அது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுருளில் தேங்கும். தேங்கிய இடத்தில் நீராவி நுழையாது. சுருளில் பாதி முழுகினால் பரப்பில் பாதி போனது போலத்தான், நம் உதாரணத்தில் நடந்தது இப்படித்தான் இருக்கும். டிராப்புக்கு முன்னால் உள்ள குழாய் சுடாமல் வெதுவெதுப்பாக இருப்பதும், குழாய்க்குள் 'டங் டங்' என்று அடிக்கும் சத்தமும் அடையாளம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் வால்வை மேலும் திறக்காதீர்கள். தேங்கிய தண்ணீரை நீராவி உருண்டையாகத் தள்ளி வளைவில் மோதும்போது இணைப்பே பிளந்துபோகலாம்.

குழாய் மேல் படிந்த அழுக்கும் வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஒரே இரவில் பாதியாக்காது. ஒவ்வொரு வாரமும் சொந்த நேரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தால், 208, 215, 226 என்று அது ஊர்ந்து ஏறுவதைப் பார்க்கலாம். திடீரென்று 397-க்குத் தாவினால் டிராப். ஊர்ந்து ஏறினால் அழுக்கு, அடுத்த மூடலில் தொட்டியைக் காலி செய்து குழாயைச் சுரண்ட வேண்டும்.

இதே எண்ணெய் கிள்ளான் துறைமுகத்தின் பெரிய தொட்டிக்குப் போனதும் கதை மாறிவிடுகிறது. அங்கே அவசரம் கூடாது. சேமிப்பில் 32 முதல் 40 பாகை, கப்பலில் ஏற்றும்போது 50 முதல் 55 என்று கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பின் நெறிமுறை சொல்கிறது. 24 மணி நேரத்தில் 5 பாகைக்கு மேல் உயர்த்தக் கூடாது, சுருளில் 1.5 பாருக்கு மேல் நீராவி கொடுக்கக் கூடாது என்றும் அது கேட்கிறது. 35-இலிருந்து 50-க்குக் கொண்டுபோக மூன்று நாள். கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது என்றால் செவ்வாய்க்கிழமையே வால்வைத் திறந்திருக்க வேண்டும்.