இருநூறு வீட்டை எப்படிப் பிரிப்பது?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் கலைகிற நேரம், பின்பக்கத்து முடுக்கு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே சுவரைப் பங்குபோடும் வீடுகள். அரிசி, பருப்பு, காஸ், பிள்ளைகளின் பஸ் காசு என்று ஒரு வீட்டின் மாதச் செலவைக் கேட்டுவிட்டால், அடுத்த வீட்டின் செலவை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். அங்கிருந்து சற்று நடந்து செட்டியார் தெருப் பக்கம் போனால் அது நடக்காது. ஒரு வர்த்தகர் வீட்டில் மாதம் ஒரு லட்சம் போகும். பக்கத்து வர்த்தகர் வீட்டில் நாலு லட்சம் போகும். ஒன்றைக் கேட்டு மற்றதைச் சொல்ல வழியில்லை.

இந்த இரண்டு இடங்களிலும், இடையில் உள்ள தொடர்மாடிகளிலும் சேர்த்துச் சராசரிக் குடும்பச் செலவைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருப்பதோ இருநூறு வீடுகளுக்குப் போய்வரத் தேவையான காசும் நேரமும் மட்டும். எந்தப் பக்கம் எத்தனை கதவைத் தட்டுவது?

கணக்குக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 2,000 குடும்பங்கள். முடுக்கு வீடுகளில் 1,200, தொடர்மாடிகளில் 600, வர்த்தகக் குடும்பங்கள் 200. இப்படிப் பிரித்த ஒவ்வொரு கூட்டத்தையும் புள்ளிவிபரவியலில் ஒரு படை என்பார்கள். ஒரு படைக்குள் செலவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதை மாறற்றிறன் சொல்லும். அதன் வர்க்கமூலம் நியம விலகல். ஆயிரம் ரூபாயை ஓர் அலகாக எடுத்தால், மூன்று படைகளின் மாறற்றிறன்களும் 100, 400, 8,100 என்று இருக்கட்டும். அப்படியானால் நியம விலகல்கள் 10, 20, 90. அதாவது முடுக்கில் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கும், வர்த்தகர்களிடம் தொண்ணூறாயிரம் அளவுக்கும் செலவு முன்பின்னாகப் போகும்.

யாருக்கும் முதலில் தோன்றுவது விகிதசமப் பங்கீடு. பத்திலொரு பங்கு குடும்பங்களைத்தானே எடுக்கிறோம், எல்லாப் படையிலும் பத்திலொன்றை எடுப்போம் என்று 120, 60, 20 எனப் பிரிப்பது. பார்வைக்கு இதைவிட நியாயமான பங்கீடு இல்லை. ஆனால் கிடைக்கும் சராசரியின் மாறற்றிறனைக் கணக்கிட்டால் 4.455 வருகிறது. அதன் வர்க்கமூலமான நியம வழு ஏறத்தாழ 2,110 ரூபாய். அந்த 4.455 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முடுக்கு 0.27, தொடர்மாடி 0.54, வர்த்தகர்கள் 3.645. குடும்பங்களில் பத்தில் ஒரு பங்கே உள்ள படை, பிழையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கொண்டுவருகிறது. முடுக்கிலே 120 வீடு ஏறி இறங்கி, தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்கு மாற்றுத்தான் உத்தமப் பங்கீடு. ஒவ்வொரு படையிலும் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையை அதன் நியம விலகலால் பெருக்க வேண்டும். மாறற்றிறனால் அல்ல, இந்த இடத்தில் தடுக்கி விழுபவர்கள் பலர். பெருக்கினால் 12,000, 12,000, 18,000 கிடைக்கிறது, கூட்டினால் 42,000. இருநூறையும் இதே விகிதத்தில் பிரித்து முழு எண்ணாக்கினால் 57, 57, 86. நியம வழு இப்போது சுமார் 1,310 ரூபாய்தான். விகிதசமப் பங்கீட்டிலேயே நின்று இந்தத் துல்லியத்தை எட்டுவதென்றால், 200 அல்ல, 449 வீடுகளுக்குப் போகவேண்டியிருக்கும்.

ஜெர்சி நெய்மன் 1934இல் ஒரு கட்டுரையில் எழுதியதால் இது நெய்மன் பங்கீடு என்றே பெயர் பெற்றது. ரஷ்யப் புள்ளிவிபரவியலாளர் சுப்ரோவ் இதே முடிவை 1923இலேயே வெளியிட்டிருந்தார். நெய்மனும் பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார்.

வீடுவீடாகப் போகும் முன்பே நியம விலகல் எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்பார். சரியான கேள்விதான். லண்டனில் நெய்மனிடம் படித்த இந்தியரான பி. வி. சுகாத்மே 1935இல் இதைத்தான் எடுத்துக்கொண்டார். முன்னோட்டமாக ஒரு சிறு மாதிரி எடுத்து, அதிலிருந்து விலகலை மதிப்பிட்டுப் பங்கிட்டாலும் பெரும்பாலும் விகிதசமத்தைவிட நல்ல பலனே கிடைக்கும் என்று காட்டினார். நம் கணக்கிலும் சோதிக்கலாம். வர்த்தகர்களின் விலகலை 90க்குப் பதில் 60 என்று தப்பாக ஊகித்துவிட்டோம் என்று வையுங்கள். மூன்று படைக்கும் சமமாக, ஏறத்தாழ 67 வீடுகள் வரும். நியம வழு 1,340 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு தப்பியதற்குத் தண்டம் வெறும் முப்பது ரூபாய்ச் சொச்சம். ஊகம் சுமாராக இருந்தாலே போதும் என்பதுதான் இந்த முறையைக் களத்தில் இறக்க முடிந்ததற்குக் காரணம்.

இலங்கையில் இது ஏட்டுச்சுரைக்காய் அல்ல. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டலகு வருமான, செலவின அளவீட்டில் நெய்மன் பங்கீடு பயன்படுகிறது. 2016ஆம் ஆண்டு அளவீட்டில் 25,000 வீட்டலகுகளை மாவட்டங்களுக்கும், நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்ற துறைகளுக்கும் பிரித்தார்கள். அதன்படி நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 88,692 ரூபாய். பெருந்தோட்டத்தில் 34,804 ரூபாய். நாட்டின் சராசரி 62,237 ஆக இருக்க, நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமான இடையம் 43,511 மட்டுமே. மேலே உள்ள சிலர் சராசரியை அவ்வளவு தூரம் இழுக்கிறார்கள். அந்தச் சிலரைப் போதுமான அளவு சந்திக்காத மாதிரி ஆட்டம் காணும்.

அவர்களைக் கூடுதலாகச் சந்தித்த பிறகு காத்திருக்கும் குழி வேறு. நம் மூன்று படைகளின் சராசரிச் செலவு 55,000, 90,000, 220,000 என்றால், உண்மையான மொத்தச் சராசரி 82,000. ஆனால் வந்த இருநூறு படிவங்களையும் அப்படியே கூட்டி இருநூறால் வகுத்தால் ஏறத்தாழ 136,000 என்று வரும். வர்த்தகர்களின் படிவங்கள் 86 அல்லவா! இதைத் தவிர்க்க ஒவ்வொரு படிவத்துக்கும் நிறை கொடுக்க வேண்டும். முடுக்கில் ஒரு படிவம் 21 குடும்பங்களுக்காகப் பேசுகிறது, தொடர்மாடியில் பத்தரை, வர்த்தகரின் படிவம் இரண்டேகால் குடும்பத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும். நிறைகளை எல்லாம் கூட்டினால் 2,000 வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

நிறையெல்லாம் சரியாகப் போட்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. உத்தமம் என்பது ஒரு கேள்விக்கு மட்டும் உத்தமம். அதே படிவத்தில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறோம் என்று வையுங்கள். முடுக்கில் பாதிப்பேர் ஆம் என்பார்கள், தொடர்மாடியில் பத்திலொருவர், வர்த்தகர் வீட்டில் யாருமில்லை. இங்கே சிதறல் பெரும்பாலும் முடுக்கில்தான். வர்த்தகர்களிடம் துளியும் கிடையாது. மொத்தத்தில் எத்தனை வீதம் என்பதை விகிதசமப் பங்கீடு 2.8 புள்ளி நியம வழுவோடு சொல்லும். செலவுக்காக நாம் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பங்கீட்டில் அது 4 புள்ளியாக ஏறிவிடும். செலவுக் கணக்கில் வீண் என்று முடுக்கிலிருந்து எடுத்த அந்த 63 வீடுகளிலும் கேட்டிருந்தால், தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் விஷயம் இருந்திருக்கும்.