கிராமில் எண்ணினால்தான் கடை நிற்கும்

2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். வாங்க வந்தவர்களுக்கு அன்று கொண்டாட்டம். முதல் நாள் வரை பழைய வரியில் சரக்கு வாங்கி அடுக்கிய கடைக்காரருக்கோ, அந்த வரி வித்தியாசத்தால் மட்டும் சரக்கின் மதிப்பில் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் போயிற்று. கையிருப்பு இரண்டு கோடி ரூபாய் என்றால் பதினைந்து லட்சத்துக்கு மேல். ஒரு திருட்டும் நடக்கவில்லை, பெட்டகத்தில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

இதைத் தாங்கும் கடை எப்படிக் கணக்கு வைக்கும்? ரூபாயில் அல்ல, கிராமில். விற்ற எடையை அன்றே திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. இரண்டு கிலோ சரக்கு வைத்திருக்கும் சிற்றூர்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 916 தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம்.

அன்று 100 கிராம் நகை விற்றது. வாடிக்கையாளரிடம் சேதாரம் பத்து சதவீதம் வாங்கியாயிற்று. பட்டறைக்கு அதில் ஐந்து போனால் கடைக்கு மிச்சம் ஐந்து கிராம், அதாவது 50,000 ரூபாய். வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 'விலை இறங்கட்டும், பிறகு வாங்கலாம்' என்று ஒரு வாரம் காத்திருந்து, விலை கிராமுக்கு 300 ரூபாய் ஏறிவிட்டால், அதே 100 கிராமை நிரப்ப 30,000 ரூபாய் கூடுதலாக வேண்டும். வியாபாரத்தில் வந்ததில் பாதிக்கு மேல் சூதாட்டத்தில் போய்விடும். இறங்கினால் லாபம்தானே என்பார்கள். அந்த லாபத்துக்குக் கடை எதற்கு?

நிரப்புவதற்கு எப்போதும் கட்டித் தங்கமே வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய நகையும் சரக்குதான், எடை சரியாகப் பார்த்தால். அன்று ஒரு அம்மா 16 கிராம் சங்கிலி கொண்டுவருகிறார். காரட் மீட்டரில் வைத்தால் 916க்குப் பக்கத்தில் காட்டுகிறது. ஆனால் மீட்டர் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். கண்ணிகளின் பற்றாசும் உள்ளே ஏறிய அழுக்கும் அதற்குத் தெரியாது. அவர் கண் முன்னே உருக்கினால் எடை 15.8 கிராம், தரம் 87.5 சதவீதம். 916 கணக்கில் அது 15.1 கிராம்தான். உருக்காமல் 16 கிராமுக்கு விலை போட்டிருந்தால் 9,000 ரூபாய் நஷ்டம். அந்தப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து சதவீதம் கழிக்கும் கடைகளும் உண்டு. அது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநியாயம்.

அடுத்தது முன்பதிவு. ஆடியில் ஒரு வீட்டார் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்துப் பவுன், அதாவது 80 கிராம், இன்றைய விலைக்கே பேசி முன்பணம் கட்டுகிறார்கள். நகை இன்னும் செய்யப்படவில்லை, ஆனால் கணக்கில் அந்தத் தங்கம் விற்றுப்போய்விட்டது. ஆகவே அன்று இரவு வாங்க வேண்டியது 100ம் 80ம் சேர்த்து 180. பழைய நகையாக வந்த 15 போக 165 கிராம். முன்பணம் மிகக் குறைவாக இருந்தால், ஜூலை 23 போல ஒரு நாள் வந்ததும் அவர்கள் அதை விட்டுவிட்டு வேறு கடையில் வாங்கிக்கொள்வார்கள். பத்து சதவீதமாவது வேண்டும். 'ஏறினால் பழைய விலை, இறங்கினால் புதிய விலை' என்று சில கடைகள் பலகை வைக்கின்றன. விலை எட்டு சதவீதம் இறங்கினால் இந்த 80 கிராமில் 64,000 ரூபாய் கடையின் தலையில். அதில் கிடைக்கவிருந்த சேதார மிச்சமோ 40,000தான்.

இனி கடன். வங்கியில் ரூபாயாகக் கடன் வாங்கித் தங்கம் வாங்கினால் விலை இறக்கம் முழுவதும் கடைக்காரருடையது. தங்க உலோகக் கடனில் வங்கி தங்கத்தையே கொடுக்கும். விற்ற அளவுக்கு அன்றைய விலையில் கணக்கை முடித்துப் பணம் கட்டலாம். வட்டியும் பொதுவாகக் குறைவு. இரண்டு கிலோவில் ஒரு கிலோ இப்படி வந்ததென்றால், விலை இறங்கும்போது அடி சொந்த ஒரு கிலோவுக்கு மட்டும்தான். ஆனால் விற்ற பணத்தைக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்பினால், விலை ஏறும்போது கடனும் ஏறும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கடன் கிராமில், ஈடாகக் கொடுத்த வைப்புத்தொகை ரூபாயில். விலை வேகமாக ஏறினால் ஈடு போதவில்லை என்று வங்கி கூடுதல் பணம் கேட்கும். பெட்டகத்தில் தங்கம் நிறைய இருந்தும் கையில் ரொக்கம் இல்லாமல் கடைகள் திணறுவது இங்கேதான். உலோகக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் வட்டியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கூடுதல் ஈடு கட்ட எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.