எந்த டாக்டர்? என்ன கேட்டார்கள்?

1946-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த டாக்டர் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: வேறெந்த சிகரெட்டையும் விட கேமல் சிகரெட்டைத்தான் அதிக டாக்டர்கள் புகைக்கிறார்கள். மூன்று சுயேச்சையான ஆய்வு நிறுவனங்கள் 1,13,597 டாக்டர்களைக் கேட்டறிந்த உண்மை இது என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

மாணவர்களுக்கு ஊடக எழுத்தறிவு கற்பிக்க இதைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடைப்பது அரிது. ஆனால் இதைக் காட்டி, "இது உண்மையா, பொய்யா?" என்று கேட்டால் அந்தக் கேள்வியால் பயனில்லை. பெரும்பாலான மாணவர்கள் யோசிக்காமலே "பொய்" என்று எழுதிவிடுவார்கள். விளம்பரம் என்றாலே பொய்தான் என்பது அவர்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பதில். அதை எழுத விளம்பரத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நல்ல வினாத்தாள் முதலில் பக்கத்தைப் பிரிக்கச் சொல்லும். இதில் சரிபார்க்கக்கூடிய கூற்று எது, எதையும் சொல்லாமலே மனத்தை இழுப்பது எது? டாக்டர்களில் அதிகம் பேர் கேமல் பிடிக்கிறார்கள் என்பது கூற்று. அதைச் சரிபார்க்க முடியும். வெள்ளைக் கோட்டு கூற்று அல்ல. படத்திலிருப்பவருக்குப் பெயர் கிடையாது, அவர் எந்த நோய்க்கு மருத்துவர் என்பதும் கிடையாது. ஆனாலும் டாக்டர் மீது நமக்குள்ள நம்பிக்கை சிகரெட்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'சிகரெட் உடம்புக்குக் கெடுதல் இல்லை' என்று விளம்பரத்தில் எந்த வரியும் சொல்லவில்லை. அதைப் படிப்பவரே சொல்லிக்கொள்கிறார். "விளம்பரம் சொல்லாமல் உங்களைச் சொல்ல வைத்தது என்ன?" என்று கேட்டால்தான் மாணவர் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்.

அடுத்து எண்ணுக்கு வருவோம். 1,13,597 என்பது கேட்கப்பட்டவர்களின் தொகை. கேமல் பிடித்தவர்களின் தொகை அல்ல. நூறு டாக்டர்களில் நாற்பது பேர் புகைப்பதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி அறுபது பேரில் 15 பேர் கேமல், மற்ற ஐந்து பிராண்டுகளுக்குத் தலா 9 பேர். இப்போதும் விளம்பர வாசகம் சரியானதே. ஆனால் நூறில் 85 பேர் கேமலைத் தொடுவதில்லை! கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "இந்த வாசகத்தை நம்ப இன்னும் என்னென்ன தெரிய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எங்கே வைத்துக் கேட்டார்கள், கேட்டவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று மாணவர்கள் எழுதுவார்கள். மதிப்பெண் அதற்குத்தான் தர வேண்டும்.

பதில்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. பின்னாளில் அவற்றைத் தேடி எழுதியவர்கள் மார்த்தா கார்ட்னர், ஆலன் பிராண்ட் என்ற வரலாற்றாசிரியர்கள். அவர்கள் 2006-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, கணக்கெடுத்தவர்கள் கேமலின் விளம்பர நிறுவனமான வில்லியம் எஸ்ட்டியின் ஊழியர்கள். மருத்துவ மாநாடுகளிலும் டாக்டர்களின் அறைகளிலும் கேமல் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிறகு எந்த பிராண்டு பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

சிகரெட் விளம்பரம் பழைய கதை என்று மாணவர் ஒதுக்கிவிடாமலிருக்க, அதே கேள்வியைப் பற்பசைக்கும் வைத்துப் பார்க்கலாம். பிரிட்டனில் கோல்கேட் சுவரொட்டி ஒன்று, 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பல் டாக்டர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்றது. இங்கே எண்ணில் தவறில்லை. ஆனால் கணக்கெடுப்பில் ஒரு டாக்டர் எத்தனை பிராண்டு வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விட்டிருந்தார்கள். இன்னொரு பற்பசைக்கும் ஏறக்குறைய அதே அளவு பரிந்துரை இருந்தது. சுவரொட்டியைப் பார்ப்பவரோ, மற்றவற்றை ஒதுக்கிவிட்டு எண்பது பேர் இதைத் தேர்ந்தெடுத்ததாகவே எடுத்துக்கொள்வார். சரியான எண்ணே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

2007 ஜனவரியில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்தச் சுவரொட்டி மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்புச் சொல்லி, அந்த வாசகத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்றது.